சகாப்த ஆண்டும் கிறிஸ்து ஆண்டும்: கூட்டல் எண்ணைக் கையாளும் முறை

இந்திய அரசாங்கத்தின் கெசட்டில் ஒவ்வொரு இதழின் தலைப்பிலும் இரண்டு தேதிகள் அச்சிடப்படுகின்றன. ஒன்று கிறிஸ்து ஆண்டுக் கணக்கு. மற்றொன்று தேசியப் பஞ்சாங்கத்தின் சக ஆண்டுக் கணக்கு. பேராசிரியர் மேகநாத சாகாவின் தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை அளித்தது. அதன்படி 1957ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள், சகம் 1879 சைத்திரம் 1 எனக் கொள்ளப்பட்டு, தேசியப் பஞ்சாங்கம் நடைமுறைக்கு வந்தது. 1957இலிருந்து 1879ஐக் கழித்தால் 78 எஞ்சும். எனவே சக ஆண்டுடன் 78ஐக் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும் என்று பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது.

இவ்விதி பாதி உண்மையே. 1972 ஆகஸ்டு 15ஐ எடுத்துக்கொள்வோம். 1972இலிருந்து 78ஐக் கழிக்க, சகம் 1894. அன்று சிராவணம் 24ஆம் நாள். இதில் பிழை இல்லை. அடுத்து வந்த குடியரசு நாளான 1973 ஜனவரி 26ஐ அதே முறையில் கணக்கிட்டால் 1895 வருகிறது. ஆனால் அன்றைய சக ஆண்டும் 1894தான். நாள் மாகம் 6. சக ஆண்டு இன்னும் முடியவில்லை. கிறிஸ்து ஆண்டோ ஜனவரி முதல் நாளிலேயே மாறிவிட்டது. ஆதலின் ஜனவரி 1 முதல் சக ஆண்டு முடியும் மார்ச்சு 21 வரையில் கழிக்க வேண்டிய எண் 79 ஆகும். மார்ச்சு 22 முதல் டிசம்பர் 31 வரையில் 78 ஆகும். கிறிஸ்து ஆண்டு லீப் ஆண்டாயின் சைத்திரம் முதல் நாள் மார்ச்சு 21ஆம் தேதியே வந்துவிடும்; அப்பொழுது எல்லையும் ஒரு நாள் முன்னதாக அமையும்.

இரண்டு ஆண்டுக் கணக்குகள் வெவ்வேறு நாளில் தொடங்கும் வரையில், அவற்றை இணைக்கும் எண் ஒருபோதும் ஒன்றாக இராது. அடுத்தடுத்த இரண்டு எண்களாகவே இருக்கும். கூட்டல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வது போதாது என்பதற்கு இதுவே காரணம். இரு எண்களையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நாளையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

மாறும் நாள் எதுவென்பதைப் பொறுத்து இரண்டாம் எண்ணின் ஆட்சிக்காலம் குறுகவோ விரியவோ செய்யும். தமிழ்நாட்டில் வழங்கும் திருவள்ளுவர் ஆண்டுக்குக் கூட்டல் எண் 31 என்பது யாவரும் அறிந்தது. 2024உடன் 31ஐக் கூட்டினால் 2055. இவ்வாண்டு தை மாதத் தொடக்கத்தில் பிறப்பதால், ஜனவரி முதல் இரு வாரங்களில் மட்டுமே 31க்குப் பதிலாக 30ஐக் கூட்ட வேண்டும். அவ்விரு வாரங்களில் எழுதப்படும் தேதிகள் சிலவாதலின் பிழையும் அரிதாகவே தோன்றும். கொல்லம் ஆண்டு இதற்கு நேர்மாறானது. அது தமிழ் ஆவணி மாதமாகிய சிங்கம் மாதத்தில், அதாவது ஆகஸ்டு நடுவில், தொடங்குகிறது. வடமலையாளத்தில் கன்னி மாதத்தில் தொடங்கும் வழக்கும் இருந்தது. 2024 ஆகஸ்டில் கொல்லம் 1200 பிறந்தது. ஆகவே ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் வரையில் கூட்டல் எண் 824. ஜனவரியிலிருந்து அடுத்த ஆகஸ்டு நடு வரையில், ஏறத்தாழ ஏழரை மாதத்துக்கு, 825. இங்கே இரண்டாம் எண்ணே ஆண்டின் பெரும் பகுதியை ஆள்கிறது. அதனால்தான் சில நூல்கள் கொல்லத்துக்கு 825 என்றும், வேறு சில 824 என்றும் எழுதுகின்றன. இரு நூல்களும் பிழையல்ல. இரண்டும் பாதி விதியைக் கூறுகின்றன.

வருவாய்த்துறைப் பணியாளர்களுக்கு அன்றாடம் பழக்கமான பசலி ஆண்டு இவ்வகையில் மிகவும் கவனிக்கத்தக்கது. சென்னை மாகாணத்தில் பசலி ஆண்டின் தொடக்கம் 1855இல் ஜூலை 1 என நிலைநிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டின் அடங்கல் முதலிய கிராமக் கணக்குகளில் இன்றும் அதுவே வழங்குகிறது. ஜூலை முதல் டிசம்பர் முடிய 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் முடிய 591ஐயும் பசலியுடன் கூட்ட வேண்டும். பசலி 1434 என்பது 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரையில் என்று இதனால் அறியலாம். 1855க்கு முற்பட்ட கணக்குகளில் எல்லை ஜூலை 1 அன்று. ஆடி மாதப் பிறப்பையொட்டி ஜூலை நடுவில் அமைந்திருந்தது. ஆகவே அக்காலத்துக் காகிதங்களில் ஜூலை முதல் இரு வாரங்களின் தேதிகளை முந்திய பசலியைச் சேர்ந்தனவாகக் கொள்ளுதல் வேண்டும்.

இனி, வட இந்தியப் பசலியைக் காண்போம். அதன் கூட்டல் எண் 590 அன்று, 592. ஆண்டு புரட்டாசி–ஐப்பசியையொட்டித் தொடங்குவதால், ஜனவரிக்குப் பின் 593. 2024 அக்டோபரில் தென்னாட்டுப் பசலி 1434ஆகவும், வடநாட்டுப் பசலி 1432ஆகவும் இருந்தன. ஒரே பெயர் தாங்கிய இரு ஆண்டுகள் இரண்டு எண்ணால் வேறுபடுவது எவ்வாறு? இதன் விடையில் கூட்டல் எண்ணின் இயல்பு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

பசலி என்பது அறுவடை ஆண்டு. முகலாயர் ஆட்சியில் அலுவல் கணக்கு ஹிஜ்ரி ஆண்டைப் பின்பற்றியது. ஹிஜ்ரி ஆண்டு பன்னிரண்டு சாந்திர மாதங்களைக் கொண்டது. அதில் அதிக மாதம் சேர்ப்பதில்லை. எனவே அது ஏறத்தாழ 354 நாளில் முடிந்துவிடுகிறது. பயிரோ சூரியனைப் பின்பற்றி விளைகிறது. ஹிஜ்ரிக் கணக்கில் தீர்வை தண்டினால், தண்டும் மாதம் ஆண்டுதோறும் பதினொரு நாள் முன்னேறி, சில ஆண்டுகளில் அறுவடைக்கு முன்னரே வந்து நிற்கும். இவ்விடரை நீக்கவே, அக்பர் காலத்தில் ஹிஜ்ரி 963ஐ அடியாகக் கொண்டு, அவ்வெண்ணிலிருந்து சூரிய ஆண்டாக எண்ணிவரும் முறை ஏற்பட்டது. ஹிஜ்ரி 963 தொடங்கியது 1555இல். 1555இலிருந்து 963ஐக் கழிக்க 592. வடநாட்டுப் பசலியின் கூட்டல் எண் அன்று உறைந்து நின்றது. தக்காணத்தில் இம்முறை ஷாஜஹான் காலத்தில், 1636இல் புகுத்தப்பட்டது. அப்பொழுது ஹிஜ்ரி 1046 நடந்தது. 1636இலிருந்து 1046ஐக் கழிக்க 590. தென்னாட்டுப் பசலியின் எண் அன்று உறைந்தது.

இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். 963இலிருந்து 1046 வரையில் ஹிஜ்ரியில் 83 ஆண்டுகள். அதே காலம் சூரியக் கணக்கில் எண்பதரை ஆண்டே ஆகும். வடநாட்டுப் பசலி சூரியனோடு நடந்து வந்தது; ஹிஜ்ரி விரைந்து முன்னே சென்றது. தக்காணப் பசலி, முன்னே சென்றுவிட்ட ஹிஜ்ரியின் எண்ணைப் பெற்றுக்கொண்டது. அதனால் அது இரண்டு எண் மிகுந்து நிற்கிறது. எனவே, பசலி குறித்த ஆவணம் ஒன்று கையில் வந்தால், அது எப்பகுதியில் எழுதப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். எண்ணைப் பார்த்தவுடன் 590ஐக் கூட்டிவிடலாகாது.

ஹிஜ்ரி ஆண்டையே கிறிஸ்து ஆண்டாக மாற்ற நிலையான கூட்டல் எண் இல்லை என்பதும் இதிலிருந்தே புலப்படும். ஹிஜ்ரி முதல் ஆண்டு தொடங்கிய 622இல் அவ்வெண் 621. 1555இல் 592. 1636இல் 590. ஹிஜ்ரி 1445 தொடங்கிய 2023இல் 578. ஏறத்தாழ 32, 33 ஆண்டுக்கு ஒன்று வீதம் அது குறைந்துகொண்டே வருகிறது. இருபுறமும் ஆண்டின் நீளம் ஒத்திருந்தால்தான் கூட்டல் எண் நிலைக்கும். ஹிஜ்ரித் தேதிகளுக்கு ஆண்டுவாரியான அட்டவணையைப் பார்ப்பதே முறை.

மற்றொரு பிழை ஆண்டின் நீளத்தையோ தொடக்கத்தையோ சார்ந்ததன்று. எண்ணும் வழக்கத்தைச் சார்ந்தது. ஒரு சிறுவனுக்கு ஏழு வயது நிரம்பியிருக்கிறது என்றும், எட்டாம் வயது நடக்கிறது என்றும் இருவிதமாகக் கூறுகிறோம். இரண்டும் ஒரே செய்தி. எண் மட்டும் வேறு. சக ஆண்டையும் முன்னோர் இவ்விரு விதமாக எழுதினர். சென்ற ஆண்டுகளை எண்ணுவது ஒரு முறை. நடக்கும் ஆண்டை எண்ணுவது மற்றொரு முறை. தமிழ்க் கல்வெட்டுகளில், சகாப்தம் இன்ன எண்ணின் மேல் செல்லாநின்ற இன்ன ஆண்டு என்ற தொடர் காணப்படும். அத்தனை ஆண்டுகள் கழிந்தபின் இப்பொழுது நடந்துகொண்டிருக்கும் ஆண்டு என்பது அதன் பொருள். அங்குள்ள எண் சென்ற ஆண்டின் எண்; 78ஐயும் 79ஐயும் கூட்டும் விதி அதற்கே உரியது. ‘மேல்’ என்ற சொல் இன்றி, நடப்பு ஆண்டின் எண்ணை எழுதிய ஆவணங்களும் உண்டு. அவற்றுக்கு அதே விதியைப் பயன்படுத்தினால் விடை ஓர் ஆண்டு முன்னே போய்விடும். 77ஐயும் 78ஐயும் கூட்டினாலே சரியான விடை கிடைக்கும்.

எண்ணை மட்டும் பார்த்து அது சென்ற ஆண்டா, நடப்பு ஆண்டா என்று கூற இயலாது. நல்வேளையாக, தென்னாட்டு ஆவணங்களில் பெரும்பாலும் அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயரும் உடன் எழுதப்பட்டிருக்கும். அதுவே சிறந்த உரைகல். சென்ற சக ஆண்டுடன் 12ஐக் கூட்டி, 60ஆல் வகுத்து, மீதியைக் காண வேண்டும். மீதி 1ஆனால் பிரபவ, 2ஆனால் விபவ, இவ்வாறே எண்ணிச் செல்ல வேண்டும், மீதி இல்லையேல் அறுபதாவதாகிய அட்சய. 1987இல் தொடங்கிய சகம் 1909ஐச் சோதிப்போம். 1909உடன் 12 கூட்ட 1921. 60ஆல் வகுக்க மீதி 1. 1987–88 பிரபவ ஆண்டே. இச்சோதனை தென்னாட்டு வழக்குக்கு மட்டுமே உரியது. வடநாட்டில் இச்சுழற்சி வியாழனின் இயக்கத்தைத் தழுவி வேறாக நடப்பதால், அங்கே ஒரே ஆண்டுக்கு வேறு பெயர் வழங்கும்.

ஒரு மாதிரி ஆவணத்தை முழுவதும் கணக்கிட்டுக் காண்போம். கிராமம் ஒன்றின் பழைய நில விற்பனைப் பத்திரத்தில், ‘சாலிவாகன சகம் 1781, காளயுக்தி வருஷம், தை மாதம், பசலி 1268’ என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்க. நிலத்தின் உரிமை எப்பொழுது கைமாறியது என்பதே கேள்வி. அதே நிலத்தைக் குறித்து 1859 ஜூனில் எழுதப்பட்ட அடமானப் பத்திரம் ஒன்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை முந்தியதா, அடமானம் முந்தியதா என்பதைப் பொறுத்தே வழக்கின் முடிவு அமையும்.

மேலெழுந்தவாரியாக நோக்கினால், தை மாதம் ஜனவரி நடுவில் தொடங்குவது. ஜனவரியாதலின் 79ஐக் கூட்ட வேண்டும். 1781உடன் 79 சேர 1860. அதாவது அடமானம் எழுதி ஏழெட்டு மாதம் கழித்து, 1860 ஜனவரி–பிப்ரவரியில் விற்பனை நிகழ்ந்தது என்று கூற நேரும்.

இப்பொழுது பெயரைச் சோதிப்போம். 1781உடன் 12 கூட்ட 1793. 60ஆல் வகுக்க மீதி 53. ஐம்பத்து மூன்றாவது ஆண்டு சித்தார்த்தி. ஆனால் ஆவணம் காளயுக்தி என்கிறது, அது ஐம்பத்திரண்டாவது. ஓர் ஆண்டு மிகுந்திருக்கிறது. எழுதியவர் நடப்பு ஆண்டின் எண்ணைக் குறித்தார் என்று கொண்டால் முரண் நீங்குகிறது. சென்ற ஆண்டு 1780, அதனுடன் 12 கூட்ட 1792, மீதி 52, காளயுக்தி. 1780உடன் 79ஐக் கூட்ட, 1859 ஜனவரி–பிப்ரவரி.

பெயரை எழுதுவதிலும் கை தவறியிருக்கலாம் அல்லவா? ஆகவே மூன்றாவது சாட்சியாகிய பசலியை நோக்க வேண்டும். ஆவணம் 1855க்குப் பிற்பட்டதாதலின் பசலியின் எல்லை ஜூலை 1. தை மாதம் ஜனவரி–பிப்ரவரியாதலின் 591ஐக் கூட்ட வேண்டும். 1268உடன் 591 சேர 1859. பசலியும் பெயரும் ஒத்துக் கூறுகின்றன; சக எண் மட்டும் நடப்பு ஆண்டு முறையில் எழுதப்பட்டது. எனவே விற்பனை 1859இன் தொடக்கத்தில் நிகழ்ந்தது. அடமானத்துக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் முந்தியது. முதலில் கண்ட விடை உரிமையின் வரிசையையே தலைகீழாக்கியிருக்கும்.

இச்சோதனையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒப்பிடப்படும் குறிப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று கணக்கிடப்பட்டனவாக இருத்தல் கூடாது. பிற்காலத்தில் எடுத்த நகல்களில், பிரதி செய்தவர் தம் காலத்து வாய்ப்பாட்டைக் கொண்டு பசலியையோ கிறிஸ்து ஆண்டையோ தாமே அடைப்புக்குறியில் சேர்த்திருப்பார். அது சாட்சியன்று, முதல் எண்ணின் எதிரொலியே. வேறு மையில், வேறு கையெழுத்தில், அல்லது ஓரத்தில் எழுதப்பட்ட ஆண்டுகளை இக்கணக்கில் சேர்க்காமல் விடுவது நலம்.

பழைய பஞ்சாங்கச் சக ஆண்டுக்கும் தேசியப் பஞ்சாங்கச் சக ஆண்டுக்கும் எல்லை நாள் ஒன்றன்று என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். தேசிய ஆண்டு மார்ச்சு 22இல் பிறக்கிறது. தமிழ் ஆண்டு சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14ஐ ஒட்டிப் பிறக்கிறது. இடைப்பட்ட மூன்று வாரங்களில் இரண்டும் ஓர் எண் வேறுபடும். 2024 ஏப்ரல் 1ஆம் நாள் கெசட்டின்படி சகம் 1946. தமிழ்ச் சூரிய மானக் கணக்கில் அன்று பங்குனி மாதமாதலின் 1945ஆம் ஆண்டு இன்னும் முடிந்திருக்கவில்லை. பங்குனி மாதத்துத் தேதியை மாற்றும்போது எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளாமல் எண்ணைக் கூட்டுதல் கூடாது.

தமிழ் ஆண்டின் எல்லை நாளும் கிறிஸ்து ஆண்டில் ஒரே இடத்தில் நிற்பதன்று. தமிழ் மாதங்கள் விண்மீன்களை நோக்கிச் சூரியன் நிற்கும் இடத்தால் அளக்கப்படுபவை; கிறிஸ்து ஆண்டு பருவங்களைத் தழுவியது. முன்னது சிறிது நீளமானதாதலின், சித்திரை முதல் நாள் ஏறத்தாழ அறுபது, எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பின்தள்ளப்பட்டு வருகிறது. மேற்கண்ட பத்திரத்தின் காலத்தில் அது ஏப்ரல் 11 அல்லது 12இல் வந்தது. தை முதல் நாளும் அவ்வாறே ஜனவரி 12ஐ ஒட்டி வந்தது. இந்நகர்ச்சியினால் கூட்டல் எண் மாறுவதில்லை. எண் மாறும் நாள் மட்டுமே நகர்கிறது. ஆண்டின் நடுவே உள்ள தேதிக்கு இதனால் யாதொரு தீங்கும் இல்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தைச் சேர்ந்த தேதியாயின், மாதப் பெயரே முடிவு சொல்லும்: பங்குனியென்றால் 79, சித்திரையென்றால் 78. கிறிஸ்துத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும்போது மட்டும் அக்காலத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

ஆவணத்தில் மாதமே குறிக்கப்படாமல் ஆண்டு மட்டும் இருப்பின், ஒற்றைக் கிறிஸ்து ஆண்டை எழுதுதல் முறையன்று. சென்ற சகம் 1780 என்பதை 1858–59 என்றும், பசலி 1268 என்பதையும் 1858–59 என்றும் இரட்டையாகவே பதிய வேண்டும். இவ்விரு இரட்டைகளும் பார்வைக்கு ஒன்றாயினும் ஒரே காலத்தைக் குறிப்பன அல்ல. முன்னது 1858 ஏப்ரல் நடுவில் தொடங்குவது. பின்னது அதே ஆண்டு ஜூலை 1இல் தொடங்குவது. இரண்டும் ஒரே ஆவணத்தில் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான 1858 ஜூலை முதல் 1859 ஏப்ரல் தொடக்கம் வரையிலான காலத்துக்குள் தேதி அடங்கும். மாதம் குறிக்கப்படாத ஆவணங்களில் இவ்வளவுக்குக் காலத்தைக் குறுக்கிக் காட்டலாம். அதற்கு மேல் அந்த எண்களைக் கொண்டு கூற இயலாது.